வெள்ளி காலை 6.45க்குள் பூ: ஒரு நோட்டீஸ் என்னென்ன சொல்ல வேண்டும்?

சென்னையின் பல குடியிருப்புகளில் இப்போது பால் பாக்கெட்டோடு பூப் பையும் கதவில் தொங்குகிறது. பெங்களூரில் 2019-ல் யசோதா, ரியா கருதூரி என்ற சகோதரிகள் தொடங்கிய ‘ஹூவு’ நிறுவனம் பூஜைப் பூவைச் சந்தா முறையில் வீட்டுக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியது. அதே வேலையைச் சின்ன அளவில், ஒரு பேட்டைக்குள் நாற்பது ஐம்பது வீடுகளுக்கு மட்டும் செய்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுடைய விளம்பரம் பெரும்பாலும் ஒரு துண்டு நோட்டீஸ், அல்லது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு செய்தி. அதில் இருப்பது அநேகமாக இதுதான்:

“புத்தம் புதிய மலர்கள்! தோட்டத்திலிருந்து நேரடியாக உங்கள் இல்லம் தேடி! மணக்க மணக்க மதுரை மல்லி! அதிகாலையிலேயே டோர் டெலிவரி! குறைந்த விலை, நிறைந்த தரம்! இன்றே சேருங்கள்!”

இதை எந்தப் பூக்கடைக்காரரும் எழுதலாம். பூவை எப்போது பறித்தார்கள், எத்தனை மணிக்கு வரும், தாமதமானால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கு இதில் பதில் இல்லை. பூ வாங்கும் வீடு கேட்பதோ அந்த மூன்றைத்தான். வாசலில் பூக்காரம்மாவிடம் வாங்கும்போது, “இது நேத்துப் பூவாம்மா?” என்று கேட்டு, இரண்டு மொட்டைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறோம். சந்தாவில் அந்த வாய்ப்பு கிடையாது. பார்க்காத பூவுக்கு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம். கையால் பார்த்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அந்த நோட்டீஸ்தான் சொல்லியாக வேண்டும்.

முதலில் மல்லியை எடுத்துக்கொள்வோம். நோட்டீஸ்கள் அதிகம் தடுமாறுவது இந்தப் பூவில்தான். குண்டுமல்லியைப் பொழுது விடிவதற்கு முன்னிருந்து காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறிப்பார்கள். நன்றாகப் பருத்து வெளுத்த மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்கும். இரவில் மணம் உச்சத்தில் இருக்கும். மறுநாள் பகலில் இதழ் ஓரம் சிவந்து பழுப்பேறும். மல்லியின் ஆயுள் அவ்வளவுதான்.

இனி வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாசலில் இருக்க வேண்டிய மல்லியை நினைத்துப் பாருங்கள். வெள்ளி விடியலில் பறித்த மொட்டு வெயில் வந்த பிறகுதான் சந்தைக்கு வரும். சென்னைக்கு அருகே திருவள்ளூர்ப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும், அதைப் பறித்து, கொண்டுவந்து, கட்டி, ஆறரைக்குள் வீடு சேர்ப்பது நடக்காத காரியம். ஆகவே விடிகாலையில் வீட்டுக்கு வரும் மல்லி எதுவானாலும் முந்தின நாள் காலையில் பறித்ததுதான். நிலக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருவதானால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். அந்த மொட்டை யாரும் குளிரில் வைக்காவிட்டால் அது வியாழன் இரவே விரிந்து, வெள்ளி காலை உங்கள் கைக்கு வரும்போது முக்கால்வாசி வாழ்ந்து முடித்திருக்கும். ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வந்திருந்தால் மொட்டு மூடியே இருக்கும், வெளியே எடுத்த பிறகு விரியும். ஐஸில் அதிக நேரம் கிடந்தால் சில மொட்டுகள் முழுதாக விரியாமலே போகும், மணமும் மங்கும்.

“இன்று பறித்த மல்லி, இன்று காலையே வாசலில்” என்று எழுதியவர் இந்தக் கணக்கைப் போடாதவர், அல்லது வாங்குகிறவர் போடமாட்டார் என்று நம்புகிறவர். இரண்டுமே அவருக்கு நல்லதில்லை. மல்லி கட்டிப் பழகிய ஒரு பாட்டி அந்தக் குடியிருப்பில் இருந்தால் போதும், முதல் வாரமே விஷயம் வெளியே வந்துவிடும். “வியாழன் காலை பறித்து, குளிர்பெட்டியில் மொட்டாகவே வைத்திருந்தது. வெள்ளி பகலில் விரியும்” என்று எழுதிப் பாருங்கள். பறித்தது நேற்று என்று ஒப்புக்கொண்டும் அந்த வரி பூவை விற்கிறது. காலையில் சாமிக்குச் சாத்திய மொட்டு கண்ணெதிரே விரியும் என்பது பூஜை வீட்டுக்குப் பிடித்த விஷயம். நோட்டீஸ் சொன்ன நேரத்தில் அது விரிந்துவிட்டால் அந்த வீடு அடுத்த வரியையும் நம்பும்.

தலையில் வைக்க மட்டும் மல்லி வேண்டுகிறவர்களுக்கு விடிகாலை டெலிவரியே சரியான நேரமில்லை. மாலை ஐந்து மணிக்கு வரும் சரம்தான் அவர்களுக்கு ஏற்றது. விற்பவர் இதை நோட்டீஸிலேயே சொல்லலாம். எல்லோருக்கும் எல்லாமும் காலையிலேயே தருகிறோம் என்பவரைவிட, எந்தப் பூ காலைக்கு, எந்தப் பூ மாலைக்கு என்று பிரித்துச் சொல்பவரிடம் பணம் கொடுக்கத் தயக்கம் இருக்காது.

வாரம் ஒருமுறை வரும் பைக்கு மல்லியைத் தலைப்பாக்குவது தவறு என்பது என் கருத்து. அந்தப் பையைத் தாங்குவது சாமந்திதான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் சாமந்தியை விரிந்த பிறகுதான் பறிக்கிறார்கள். அதனால் அது விரிவதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை, அது வாடுவதற்கும் மூன்று நான்கு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை வந்த சாமந்தி சனி, ஞாயிறு தாண்டித் திங்களுக்கும் படத்துக்கு வைக்கத் தேறும். சம்பங்கி இரண்டு நாள் தாங்கும். துளசியை ஈரத்துணியில் வைத்தால் அதுவும் அப்படியே. மல்லி ஒருநாள் பூ. இந்த வேறுபாட்டை நோட்டீஸ் மறைக்காமல் சொன்னால், செவ்வாய்க்கிழமை காலியான பூத்தட்டைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். செவ்வாய்க்கும் பூ வேண்டும் என்கிற வீடு, வாரம் இரண்டு நாள் திட்டத்தைத் தானே கேட்டு வாங்கும்.

வந்த பூ புதிதா என்று பார்ப்பதற்கு வழி உண்டு, அதை விற்பவரே எழுதிக் கொடுத்துவிடலாம். சாமந்தியைக் காம்பைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறினால், பழைய பூ இதழ் கொட்டும். பூவின் அடியில் உள்ள பச்சைப் பகுதி பழுத்திருந்தால் அது சந்தையில் ஒருநாள் கிடந்தது என்று அர்த்தம். ரோஜாவில் ஒரு வேலை நடக்கும்: வாடிய வெளி இதழ்களைக் கிள்ளிவிட்டால் உள்ளிருக்கும் பூ புதிதாகத் தெரியும். இதழ் எண்ணிக்கை குறைந்து, அடியில் கிள்ளிய தழும்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். சம்பங்கியின் நுனி கண்ணாடி மாதிரி நீர்கோத்திருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. இவற்றை நோட்டீஸின் பின்பக்கத்தில் நான்கு வரியாகப் போட்டு, “இப்படி ஏதாவது இருந்தால் போட்டோ அனுப்புங்கள், அந்தப் பூவுக்குக் காசில்லை” என்று முடிப்பவர், பூக்காரம்மாவிடம் கிள்ளிப் பார்க்கும் உரிமையைத் திருப்பித் தந்துவிடுகிறார். இதைவிட வலுவாகப் புதுமையை விற்கும் வாசகம் எனக்குத் தெரிந்து இல்லை.

அளவும் இதைப் போலத்தான். முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. யாருடைய கை என்பதைப் பொறுத்து அது மாறும், எவ்வளவு நெருக்கமாகக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து இன்னும் மாறும். உதிரிப்பூவில் தண்ணீர் விளையாடும். நனைத்த சாமந்தி இதழ்களுக்கிடையே நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எடையும் கூடும், மூடிய பிளாஸ்டிக் பைக்குள் சீக்கிரம் அழுகவும் செய்யும். ஆகவே “சாமந்தி 200 கிராம், தண்ணீர் வடித்த எடை, மல்லி ஒரு முழம், 45 சென்டிமீட்டர், நெருக்கக் கட்டு” என்று எழுதுவது நல்லது.

அடுத்தது நேரம். புதுமையைவிட இதில்தான் சந்தாக்கள் அதிகம் உடைகின்றன. வாசல் தெளித்துக் கோலம் போட்டு விளக்கேற்றுகிற வீட்டில், விளக்கேற்றிய பிறகு வரும் பூவுக்குப் பாதி மதிப்புதான். அதனால் விற்பவருக்கு “காலை 5 மணிக்கே” என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதுவதற்கு முன் பின்னாலிருந்து முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்.

நங்கநல்லூரில் 60 வீடுகளுக்கு வெள்ளிக்கிழமைப் பை கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக வைத்துக்கொண்ட ஆள்தான், ஆனால் வேலை நிஜமான வேலை. மல்லி மொட்டு வியாழன் பிற்பகலில் வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரவு ஒன்பது மணிக்குள் கட்டி முடித்து, சரங்களை ஈர வாழையிலையில் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். உதிரிப்பூவுக்கு இரவு இரண்டரை மணிக்குக் கோயம்பேடு. வாங்கிக்கொண்டு மூன்றரைக்குத் திரும்பினால், தரம் பிரித்து, எடை போட்டு, 60 பை கட்ட ஒன்றேகால் மணி நேரம். 4.50-க்கு இரண்டு பையன்கள் வண்டி எடுக்கிறார்கள், ஆளுக்கு 30 வீடு. நிறுத்தி, மாடியேறி, பையை மாட்டி, அடுத்த தெருவுக்குப் போக வீட்டுக்குச் சராசரி மூன்று நிமிடம் வைத்தால் 90 நிமிடம். கடைசி வீட்டில் 6.20.

அப்படியானால் நோட்டீஸில் 6.20 என்று எழுதலாமா? கூடாது. பூட்டிய கேட், காவலாளி தூங்கும் அபார்ட்மென்ட், ஒரு பஞ்சர் இவற்றில் ஏதாவது ஒன்று வாரா வாரம் நடக்கும். அதற்கு 25 நிமிடம் ஒதுக்கினால் 6.45. ஒப்புக்கொள்ளக்கூடிய நேரம் அதுதான். ஆறு மணிக்கு முன் விளக்கேற்றும் வீடுகளை என்ன செய்வது? ஒவ்வொரு பையனுடைய முதல் பத்து வீடும் 5.20-க்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே 5.45 என்ற இன்னொரு நேரத்தை 20 வீடுகளுக்கு மட்டும் தாராளமாகத் தரலாம். நோட்டீஸில் “5.45 நேரம், 20 வீடுகளுக்கு மட்டும்” என்று போடும்போது, அது ஆசை காட்டுவதற்காகப் போட்ட எண் அல்ல, இரண்டு வண்டியால் முடிகிற எண். 21-வது வீடு கேட்டால் மூன்றாவது ஆள் வேண்டும், அல்லது “அடுத்த இடம் காலியானால் சொல்கிறேன்மா” என்று சொல்ல வேண்டும். அங்கே தலையாட்டிவிட்டவர்தான் மூன்றாம் மாதம் கடையை மூடுகிறார்.

நேரம் தவறினால் என்ன செய்வோம் என்பதும் அதே வரிசையில் வர வேண்டும். வாரம் 120 ரூபாய் பை என்று வைத்தால் 60 வீட்டுக்கு 7,200 ரூபாய். வாரத்துக்கு இரண்டு வீட்டில் தாமதமாகி அந்தப் பையைக் காசில்லாமல் விட்டால் 240 ரூபாய் போகும். நூறு ரூபாய்க்குச் சுமார் 3.33 ரூபாய். அதைத் தாங்க முடியாத வியாபாரம் என்றால் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும், உறுதிமொழியை மழுப்பக் கூடாது. “தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாகலாம்” என்ற பொடி எழுத்து வரியைப் பார்த்தால், சந்தா சேர நினைப்பவர் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

பையை எங்கே வைப்பது என்பதும் வாசகத்தில் வர வேண்டிய விஷயம். விடிகாலையில் காலிங் பெல் அடித்தால் குழந்தை எழுந்துவிடும், பெல் அடிக்காமல் வைத்தால் பூனையோ எறும்போ வரும். கேட்டில் ஒரு கொக்கியும் துணிப்பையும் கொடுத்துவிட்டு, “மணி அடிக்க மாட்டோம், மாட்டியதும் போனில் ஒரு செய்தி வரும்” என்று எழுதினால் பெரியவர்கள் இருக்கும் வீடும் கைக்குழந்தை இருக்கும் வீடும் ஒரே வரியில் நிம்மதியாகும்.

சந்தாவை நிறுத்தும் வழியை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பூ விஷயத்தில் இது மற்றச் சந்தாக்களைவிட முக்கியம். வீட்டில் தீட்டு வரும், சாவு விழும், ஊருக்குப் போவார்கள். துக்க வீட்டின் கேட்டில் வெள்ளிக்கிழமை மல்லிச்சரம் தொங்குவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. அதற்கு அந்த வீட்டார் போன் போட்டு விளக்கம் சொல்லும் நிலை வரவே கூடாது. “வேண்டாம் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டோம், பணம் அடுத்த வாரத்துக்குப் போகும்” என்ற வரியில் நம் வீடுகளைத் தெரிந்த ஒரு மனிதர் தெரிகிறார். புதன் மாலை ஆறு மணிக்குள் சொன்னால் பணம் முழுதும் மிச்சம், அதற்குப் பிறகு மல்லிக்கான பணம் மட்டும் கழியும் என்று எல்லையையும் சொல்லிவிடலாம். மல்லி அதற்குள் ஆர்டர் போயிருக்கும் அல்லவா? சேருவது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்று அமைக்கப்பட்ட சந்தாக்களை மத்திய அரசின் 2023-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றன. போனில் தானாகப் பணம் எடுக்கும் வசதி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனையையும் சேர்த்து எழுதினால் நங்கநல்லூர் நோட்டீஸ் இப்படி வரும்:

“வெள்ளிக்கிழமைப் பூப்பை. காலை 6.45க்குள் உங்கள் கேட்டில். 6.46 ஆனால் அந்த வாரப் பூவுக்குக் காசில்லை.

பையில்: ஓசூர்ச் சாமந்தி 200 கிராம் (தண்ணீர் வடித்த எடை, மூன்று நாள் தாங்கும்). மல்லி ஒரு முழம், 45 செ.மீ., நெருக்கக் கட்டு (வியாழன் காலை பறித்தது, மொட்டாக வரும், வெள்ளி பகலில் விரியும், ஒருநாள் பூ). துளசி ஒரு கைப்பிடி, தனிப் பொட்டலத்தில். ரோஜா இரண்டு.

வாரம் 120 ரூபாய். மணி அடிக்க மாட்டோம், கொக்கியில் மாட்டிவிட்டுச் செய்தி அனுப்புவோம். ஆறு மணிக்கு முன் விளக்கேற்றுபவர்களுக்கு 5.45 நேரம் உண்டு, 20 வீடுகள் மட்டும்.

ஒரு வாரம் வேண்டாமென்றால் புதன் மாலை 6 மணிக்குள் ‘வேண்டாம்’ என்று அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம்.

மார்கழி, தை மாதங்களிலும் முகூர்த்த நாட்களிலும் மல்லி விலை ஏறும். அப்போது விலையை ஏற்றாமல் மல்லியை அரை முழமாக்கி, மீதிக்குக் கனகாம்பரம் வைப்போம். முந்தின நாளே சொல்லிவிடுவோம்.”

இதில் துளசி தனிப் பொட்டலம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அரளியும் வைக்கும் பைகளில் அது கட்டாயம். அரளி விஷச்செடி. துளசியை நாம் தீர்த்தத்தில் போட்டு வாயில் வைக்கிறோம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்க முடிவெடுத்தது இந்தக் காரணத்தால்தான். “துளசியோடு அரளி கலக்க மாட்டோம்” என்று ஒரு வரி எழுதலாம், எழுதினால் கட்டும் மேஜையிலும் இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும்.

கடைசிப் பத்தியில் உள்ள மார்கழி வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் மல்லி விளைச்சல் பனிக்காலத்தில் படுத்துவிடும் என்பதும், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ விலை பல மடங்கு ஏறும் என்பதும் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். வருடம் முழுதும் ஒரே விலையில் ஒரு முழம் என்று வாக்குக் கொடுத்தவர் தை மாதத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்: சரத்தை இடைவெளிவிட்டுக் கட்டுவார், அல்லது முந்தின நாள் விற்காத மல்லியைக் கலப்பார். கலந்த சரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே சரத்தில் சில பூ விரிந்து ஓரம் பழுத்தும், சில மொட்டாகவும் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு பூவின் ஆயுள் நம் கையில். பை மாட்டிய செய்தியோடு முதல் வாரம் இதையும் அனுப்பலாம்: சாமந்தியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே எடுத்து, உலர்ந்த துணி விரித்த டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்க்கும். பூஜைத் தட்டில் பூவையும் பழத்தையும் ஒன்றாக இரவு முழுதும் வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தால் பூ கூடுதலாகத் தாங்கும்.

மழைநாளில் வண்டி தாமதமாகும் என்று 5.30-க்கே தெரிந்துவிடும். “அம்மா, வணக்கம். மழையால் இன்று பூ 7.10-க்குத்தான் வரும். இந்த வாரக் கணக்கு இல்லை” என்ற செய்தி 5.40-க்குப் போனால், அந்த வீடு தோட்டத்துச் செம்பருத்தியையோ வாசல் கடைப் பூவையோ எடுத்துக்கொண்டு விளக்கேற்றிவிடும். அதே செய்தி 6.50-க்குப் போனால் பயனில்லை. ஆயுத பூஜை வாரத்தில் இதே 60 வீடுகள் மாலையும் கூடுதல் சாமந்தியும் கேட்கும், பை கனக்கும், வீட்டுக்கு மூன்று நிமிடம் என்பது நான்கு ஆகும், கடைசி வீட்டில் 6.50 ஆகிவிடும். அந்த வாரத்துக்கு மட்டும் மூன்றாவது ஆளைப் பேசி வைப்பதும், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் புது வீடு சேர்க்காமல் இருப்பதும் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.